ஆப்ப சோடாவில் குளித்த ஆரம்: ஈரோட்டுப் பட்டறைக்கு வந்த ஒரு குந்தன் நகை

சித்திரை மாதத்து மத்தியானம். தாயும் மகளுமாக இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். மகள் பையிலிருந்து எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் ஒரு வெள்ளி ஆரம் சுருண்டு கிடந்தது.

"கறுப்பெல்லாம் போயிருச்சுங்ண்ணா. ரெண்டு கல்லு ஆடுது, ஒண்ணு எங்க உளுந்துச்சுன்னே தெரியலீங்."

பஞ்சிலிருந்து அதை எடுப்பதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. கல்லைச் சுற்றியிருந்த தங்க இழைகளில் பஞ்சு நூல் மாட்டிக்கொண்டிருந்தது. இழை எங்கெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதை அந்தப் பஞ்சே காட்டிக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு நூலாகச் சாமணத்தால் விடுவித்துவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் ஆரத்தைக் கிடத்தினேன்.

925 முத்திரை உள்ள வெள்ளி, 84 கிராம். உடல் முழுக்கக் கொடியும் இலையுமாக ஆக்சிடைஸ் வேலை, அதாவது பள்ளத்தில் கறுப்பு ஏற்றிய வேலை. அதன்மேல் தங்க முலாம் பூசிய சின்னச் சின்னக் கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கண்ணாடிக் கல். பதக்கத்தில் 9, இரண்டு பக்கமும் பதினொன்று பதினொன்று, ஆக 31 கல். வெள்ளிக் கறுப்பும் குந்தன் என்னும் இந்தக் கல் பதிப்பும் ஒரே நகையில் சேர்ந்து வருவது இப்போது கல்யாண வீடுகளில் சாதாரணம். இந்த அம்மிணி தன் தம்பி கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு செய்வதற்காக வாங்கியது. தை மாதத்தில் அன்று ஒரு நாள் முழுக்கப் போட்டிருக்கிறார், அதன்பிறகு இரண்டு விசேஷங்களுக்கு. பங்குனியில் எடுத்துப் பார்த்தபோது மேட்டுப்பகுதியின் பளபளப்பு மங்கி லேசாக மஞ்சள் தட்டியிருந்ததாம். கழுவி வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

கழுவிய விதத்தையும் ஒளிக்காமல் சொன்னார். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, இரண்டு கரண்டி ஆப்ப சோடா, ஒரு கரண்டி உப்பு போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, ஆரத்தைப் பத்து நிமிடம் அதில் வைத்திருக்கிறார். பிறகு எடுத்து, பிரஷ் வைத்துத் தேய்த்து அலசி, மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்திருக்கிறார். "வெள்ளிக்குன்னுதானுங்ண்ணா அந்த வீடியோவுல காட்டுனாங்க. கொலுசு அதுல பளிச்சுன்னு வந்துச்சே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வெற்று வெள்ளிக் கொலுசுக்கு அந்த முறை நன்றாகவே வேலை செய்யும். இந்த ஆரத்துக்கு அது ஏன் ஆகாது என்று புரிய, கறுப்பு எப்படி ஏறுகிறது, கல் எதில் உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

கறுப்பு என்பது என்ன

ஆக்சிடைஸ் என்று பெயர் வந்துவிட்டது, ஆனால் அந்தக் கறுப்பில் ஆக்சிஜனுக்கு வேலையில்லை. அது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்ஃபைடு. நான் வேலை பழகிய சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் இதைக் 'கறுப்பு ஏத்துறது' என்றுதான் சொல்வார்கள். பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த, அழுகிய முட்டை நாற்றம் வீசும் கட்டியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நகையை அதில் காட்டுவார்கள். வெள்ளி முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, நீலம் கலந்த ஊதா, கடைசியில் கறுப்பு. அதற்கப்புறம் மேட்டுப்பகுதியை மட்டும் தேய்த்து வெளுக்க வைத்தால் பள்ளத்தில் கறுப்பு நின்று, கொடியும் இலையும் எழும்பித் தெரியும்.

வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் வெள்ளி தானாகக் கறுக்கிறதே, அதுவும் இதே வெள்ளி சல்ஃபைடுதான். காற்றிலுள்ள கந்தகத்தால் மெல்ல மெல்ல ஏறுகிறது, அவ்வளவே வித்தியாசம். ஆகவே வெள்ளிக் கறுப்பைப் போக்கும் எந்த முறைக்கும் இது வேலைக்காரர் ஏற்றிய கறுப்பு, இது தானாக ஏறிய கறுப்பு என்ற பேதம் தெரியாது. அலுமினியத் தாள் முறையில் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு, கந்தகத்தைப் பிரித்து, வெள்ளியை மறுபடி வெள்ளியாக்குகிறது. கிண்ணத்திலிருந்து முட்டை நாற்றம் வந்ததா என்று கேட்டேன், வந்தது என்றார். வேலைக்காரர் ஒரு நாள் உட்கார்ந்து ஏற்றிய கறுப்புதான் அந்த நாற்றமாகப் போய்விட்டது. கடையில் விற்கும் வெள்ளி டிப் திரவமும் கறுப்பைக் கரைத்துவிடும். விபூதி, பற்பசை, புளி எல்லாம் கொஞ்சம் மெதுவாக அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். முதலிரண்டும் அராவி எடுக்கும், புளியின் காடி கறுப்போடு தங்க முலாம் பூசிய கூட்டின் இடுக்குகளுக்குள்ளும் இறங்கும்.

கல் எதில் உட்கார்ந்திருக்கிறது

குந்தனில் கல்லைக் கம்பி நகங்கள் கவ்விப் பிடிப்பதில்லை. கூட்டுக்குள் அரக்கு நிரப்பியிருப்பார்கள். அரக்கின்மேல் மெல்லிய வெள்ளித் தகடு, அதன்மேல் கல். கல்லுக்கும் கூட்டின் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் சுத்தத் தங்க இழையை வைத்து, எஃகு ஊசியால் அழுத்தி அழுத்தி இறுக்குவார்கள். கலப்பில்லாத தங்கம் சூடே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. கல் மின்னுவதுபோல நமக்குத் தெரிவது உண்மையில் அடியில் இருக்கும் தகட்டின் மினுக்கம். தகடு மங்கினால், மேலே கல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் செத்த கண் போலத்தான் தெரியும்.

விலை குறைந்த குந்தனில் அரக்குக்குப் பதில் பசைதான் இருக்கும். எது என்று பார்க்க எளிய வழி, கல்லின் ஓரத்து விரிசலைப் பெருக்கும் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. பசையானால் நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ கண்ணாடி மாதிரி தெரியும். அரக்கானால் செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். சூடாக்கிய ஊசி நுனியை அங்கே தொட்டால், பார்சலுக்கு அரக்கு முத்திரை வைக்கும்போது எழும் அதே வாசனை வரும். இந்த ஆரத்தில் இருந்தது அரக்கு. (ஊசி சுடுவது பட்டறையில் செய்ய வேண்டிய சோதனை. வீட்டில் ஓரத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

அரக்குக்கு ஆகாதவை மூன்று. முதலாவது சூடு. சுமார் 65 டிகிரியில் நெகிழத் தொடங்கும், 75 முதல் 80க்குள் உருகிவிடும். இரண்டாவது ஸ்பிரிட். மர வேலைக்காரர்கள் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்கள், நகைக்குள் இருக்கும் அரக்கும் அதேபோல்தான் இளகும். சென்ட்டிலும் சானிடைசரிலும் இருப்பதில் பெரும்பங்கு அந்த ஸ்பிரிட்தான். மூன்றாவது காரம், அதாவது சோடா வகைகள். இந்த மூன்றும் இல்லாத வெறும் தண்ணீர்கூட நெடுநேரம் நின்றால் அரக்கின் ஓரத்தை வெளுக்க வைத்து, இடுக்கின் வழியாகத் தகடு வரைக்கும் போய்விடும்.

இப்போது அந்தக் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். கொதித்த தண்ணீர், சோடா, நீரில் கலந்த கந்தகம். கறுப்பைப் பறிக்கவும், அரக்கை இளக்கவும், தகட்டை மங்க வைக்கவும் தேவையான அத்தனையும் ஒரே கிண்ணத்தில் இருந்தது.

எது எப்போது கெட்டது

ஆரத்தைப் படமெடுத்துக்கொண்டு, ஒரு தாளில் 31 கல்லுக்கும் வட்டம் போட்டு எண் எழுதினேன். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்லைப் பல் குத்தும் குச்சியின் நுனியால் மெல்ல அழுத்திப் பார்ப்பதும், நகத்தால் தட்டிக் காதருகே கேட்பதும் வழக்கம். இறுகிய கல் மௌனமாக இருக்கும், ஆடும் கல் 'டிக்' என்று சொல்லும். கையால் அசைத்துப் பார்ப்பதைவிட இது பாதுகாப்பானது, ஏனென்றால் ஆடுகிறதா என்று திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்ப்பதே இழையைத் தளர்த்திவிடும்.

கணக்கு இப்படி வந்தது: காணாமல் போனது 1, சாய்ந்து ஆடுபவை 2, சாம்பல் பூத்தவை 6.

கேட்ட கதைக்கு இதெல்லாம் பொருந்துகிறது என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஆறில் இரண்டு கல் அந்தக் கதையோடு ஒட்டவில்லை. அவை இடது பக்கம் மேலே, கழுத்தோரம் இருந்தன. அந்த இடத்தில் வெள்ளியின் கறுப்பு போகவே இல்லை. ஆரத்தின் இரண்டு நுனிகளிலும் நான்கு விரல் நீளத்துக்குக் கறுப்பு அப்படியே இருந்தது, அதற்குக் கீழே கோடு கிழித்தாற்போல வெளுத்திருந்தது. அம்மிணியிடம் கேட்டதும் விளங்கியது. கிண்ணம் சின்னது. கயிறு நனைய வேண்டாம் என்று இரண்டு நுனியையும் விளிம்புக்கு வெளியே தொங்க விட்டிருக்கிறார். அப்படியானால் அந்த இரண்டு கல்லும் சோடாத் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, அவை முன்பே மங்கியிருக்க வேண்டும்.

கல்யாணப் படங்களைக் கைப்பேசியில் காட்டச் சொன்னேன். காலையில் எடுத்த படத்தில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி மின்னுகின்றன. அடுத்து போட்டுக்கொண்டு போன காதுகுத்து விசேஷப் படத்தில், பெரிதாக்கிப் பார்த்தால், இடது மேல்பக்கம் இரண்டு கல் இருண்டிருக்கின்றன.

"சென்ட் அடிச்சீங்களா அம்மிணி?"

"அடிச்சனுங். நகையெல்லாம் போட்டு முடிச்சு, கெளம்பறப்ப."

வலது கைப்பழக்கம் உள்ளவர்கள் சென்ட்டை இயல்பாக இடது கழுத்தில்தான் அடிப்பார்கள். கண்ணாடியில் பார்த்தபோது தடயமும் இருந்தது. அந்த இரண்டு கல்லின் ஓரத்தில் அரக்கு கொஞ்சம் பிசுபிசுத்து, அதில் பவுடர் தூசு ஒட்டி இறுகியிருந்தது. ஸ்பிரிட்டில் இளகி மறுபடி காய்ந்த அரக்கு இப்படித்தான் இருக்கும். பதக்கத்தில் மங்கிய நான்கு கல்லின் ஓரமோ வேறு விதம்: அரக்கு வெளிறிப் பால் நிறமாகியிருந்தது, அது தண்ணீர் போன அடையாளம். சாய்ந்திருந்த இரண்டும் பதக்கத்தின் அடி வரிசையில், கொதித்த நீரில் முழுக்க மூழ்கிய இடத்தில். அங்கே அரக்கு நெகிழ்ந்து, கல் சரிந்து, ஆறியதும் அரக்கு அந்தச் சாய்விலேயே இறுகி, கல் பிடிப்பு விட்டு ஆடியது. ஆக ஒரே நகையில் மூன்று விதக் கேடு, மூன்றுக்கும் வேறு வேறு அடையாளம். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பழியையும் சோடாவின்மேல் போட்டிருந்தால், அவர் சோடாவை விட்டுவிட்டு அடுத்த விசேஷத்துக்கும் நகைமேலேயே சென்ட் அடித்திருப்பார்.

வெள்ளிப் பரப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோடாவில் கறுப்பு போன இடம் பளபளப்பாக இல்லை, சுண்ணாம்பு பூசியதுபோல மொரமொரவென்று வெளுத்திருந்தது. கந்தகம் பிரிந்துபோன இடத்தில் வெள்ளி அப்படித்தான் நிற்கும். பழைய கறுப்பு மேலே இருந்து தேய்ந்து போயிருந்தால் அடியில் வழவழப்பாக இருக்கும். தேய்ந்து போனதா, ரசாயனத்தில் போனதா என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

வேலை நடந்த வரிசை

முதல் மூன்று நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, ஆரத்தை அதற்குள் வைத்துவிட்டேன். கல்லுக்கடியில் இருப்பது வெறும் நீராவி மூட்டமா, தகடே கெட்டுவிட்டதா என்று மேலே இருந்து பார்த்தால் உறுதியாகத் தெரியாது. காய விட்டால் தெரியும். நான்காம் நாள் பார்த்தபோது பதக்கத்தில் மங்கிய நான்கில் ஒன்று, என் தாளில் 14 என்று எழுதியது, மூட்டம் விலகி மறுபடி மின்னியது. மற்ற மூன்றில் தகட்டில் கறும்புள்ளிகள் தெரிந்தன. அவற்றைத் திறந்தே ஆக வேண்டும். அவசரப்பட்டு நான்கையும் திறந்திருந்தால் ஒரு நல்ல பதிப்பை வீணாக உடைத்திருப்பேன் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்து கறுப்பா, கல்லா? கறுப்பை முதலில் முடித்துவிடுவது என்று வைத்தேன். கறுப்பு ஏற்றும் கரைசல் முழுக்கக் கந்தகம். புதிதாக வெள்ளித் தகடு வைத்த கல்லுக்கருகே அதைக் கொண்டுபோனால், வெளியே அழகு கொடுக்கும் அதே கந்தகம் உள்ளே தகட்டைக் கருக்கிவிடும். கறுப்பை ஏற்றி, துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு கல்லைப் பதிப்பதுதான் சரி.

வழக்கம்போல முக்கி எடுக்க இதில் வழியில்லை. அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் பட்டாணி அளவுக் கட்டியைக் கரைத்து ஆற வைத்தேன். சன்னமான ஓவியத் தூரிகையை அதில் தொட்டு, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, பள்ளங்களில் மட்டும் இழுத்தேன். கூட்டின் சுவரிலிருந்து ஒரு நூல் இடைவெளி விட்டேன். அதற்கு முன்பு, எண்ணெய்ப்பசை இருந்தால் கறுப்பு திட்டுத்திட்டாகப் பிடிக்கும் என்பதால், பஞ்சுக் குச்சியை லேசாகச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து பள்ளங்களைத் துடைத்து, பிறகு வெறும் நீரில் நனைத்த குச்சியால் துடைத்திருந்தேன். பதினைந்து நொடி விட்டு, ஈரக் குச்சியால் ஒற்றி எடுப்பது. இப்படி மூன்று தடவை. ஒரே தடவையில் கெட்டியாக ஏற்றினால் கறுப்பு பொருக்காகி உதிர்ந்துவிடும். மெல்லியதாக அடுக்கடுக்காக ஏறியது நிற்கும். கடைசியில் மேட்டுப்பகுதியை உலர்ந்த பருத்தித் துணியால் தேய்த்தேன். மொரமொரப்பு போய் பளபளப்பு வரும்வரை பொறுமையாகத் தேய்க்க வேண்டியிருந்தது, பாலிஷ் மாவு எதுவும் தொடவில்லை.

இந்த வேலையை வீட்டில் செய்து பார்க்க யாரும் ஆசைப்பட வேண்டாம். அந்தக் கரைசலில் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் நச்சு வாயு கிளம்பும், ஜன்னல் திறந்த பட்டறையிலேயே நான் கவனமாக இருப்பேன். ஜெர்மன் சில்வர் என்று விற்கும் நகைக்கும் இந்த முறை சரிப்படாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், பெயரில்தான் சில்வர்.

கல் பதிக்கும் வேலைக்குக் கோவை சென்றேன். அங்கே வங்காளத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒருவர் குந்தன் மட்டுமே பதிப்பார். திறக்க வேண்டியவை எட்டு: காணாமல் போனது, சாய்ந்த இரண்டு, சென்ட் பட்ட இரண்டு, தண்ணீர் போன மூன்று. சுற்றியிருந்த தங்க இழையை ஊசியால் கிளப்பி, கூட்டை மட்டும் சூடு காட்டி, கல்லை எடுத்தார். பழைய அரக்கைச் சுரண்டிப் புதிது நிரப்பி, கல்லின் வடிவத்துக்குத் தகடு வெட்டி வைத்து, கல்லை அமர்த்தி, புது இழையை இறுக்கினார்.

காணாமல் போன கல்லுக்கு அவர் செய்த ஒரு காரியம் மனதில் நின்றது. புதுக் கண்ணாடிக் கல் மற்றவற்றைவிட ஒரு மாற்று வெண்மையாக இருந்தது. பதக்கத்தின் நடுவில் அது தனியாகக் கண்ணைக் குத்தும். அதனால் வலது பக்கம் கொக்கியருகே, கூந்தலுக்குள் மறையும் இடத்திலிருந்த பழைய கல்லைக் கழற்றிப் பதக்கத்தில் வைத்துவிட்டு, புதுக் கல்லைக் கொக்கியருகே பதித்தார். அதனால் ஒன்பது கூடுகள் வேலையாயின. கூலி ஒரு கல்லுக்குக் கூடியது, ஆனாலும் முன்பக்கம் பார்க்க ஒரே குடும்பமாக இருந்தது.

திரும்பி வந்த ஆரத்தின் கறுப்புப் பகுதியில் மட்டும் தேன்மெழுகை மிக மெல்லியதாகத் துணியால் தடவித் தேய்த்துவிட்டேன். மெழுகு வியர்வையையும் உரசலையும் கொஞ்ச காலம் தன்மேல் வாங்கிக்கொள்ளும், சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

முடியாதவற்றையும் அவர்களிடம் சொல்லித்தான் கொடுத்தேன். புதுக் கறுப்பும் நுனிகளில் தப்பிய பழைய கறுப்பும் ஒன்றாகாது, புதியதில் லேசான நீலம் இருக்கும். ஒரு கூட்டின் விளிம்பில் முலாம் தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்த்தது. அது பிரஷ் வைத்துத் தேய்த்ததால் வந்தது. கல் இருக்கும்போது அந்த ஒரு கூட்டுக்கு மட்டும் முலாம் ஏற்றப் போனால் மற்றதற்கு ஆபத்து, அப்படியே விட்டுவிட்டேன்.

போடும்போதும் கழற்றும்போதும்

அம்மிணியின் தாயார் கேட்டார்: "அப்ப இத எப்புடித்தான் தொடைக்கிறது தம்பி? கொலுசுக்கு நாங்க பூந்திக்கொட்டைதான் போடுவோம்."

கொலுசுக்கு அது நல்ல முறை என்றேன். எங்கள் சேலத்துப் பட்டறைகளிலும் பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான். இந்த ஆரத்துக்குத் தண்ணீரே வேண்டாம். பங்குனியில் அவர்கள் பார்த்த மஞ்சள் மங்கல், மேட்டுப்பகுதியில் மட்டும் லேசாக ஏறியது. நல்ல பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, மேட்டை மட்டும் ஐந்து நிமிடம் தேய்த்திருந்தால் போயிருக்கும். துணி விரலில் இறுகச் சுற்றியிருந்தால் பள்ளத்துக்குள் இறங்காது, கறுப்பு தப்பிக்கும். கல் இருக்கும் இடத்தில் தேய்க்கவே கூடாது. இழையின் ஓரம் துணியில் மாட்டினால் கிளம்பிவிடும். அங்கே தூசு போக, மிருதுவான உலர்ந்த தூரிகையால் கூட்டிவிடுவது போதும்.

போடும்போது வரிசையைத்தான் மாற்ற வேண்டும். பவுடர், சென்ட், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முதலில். அவை காயப் பத்து நிமிடம் விட்டு, ஆரம் கடைசியில். மல்லிகைச் சரம் வைத்தால் தண்ணீர் சொட்டாமல் உதறி வைக்க வேண்டும், பின்கழுத்தில் சொட்டும் நீர் நேராகக் கொக்கியருகே உள்ள கல்லுக்குத்தான் போகும். நலங்குக்கு மஞ்சள் பூசும்போது இந்த நகை உடம்பில் இருக்கக் கூடாது. கழற்றியதும் உடனே டப்பாவில் போடாமல், துணிமேல் விரித்து ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் கிடத்த வேண்டும், வியர்வை ஈரம் கல்லோரத்தில் தங்கியிருக்கும்.

வைப்பதற்குப் பஞ்சு வேண்டாம், வந்த அன்று பார்த்தோமே. மல் துணியில் சுற்றி, மடக்காமல் படுக்க வைத்து, ஜிப் வைத்த பாலித்தீன் உறையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடினால் போதும். ஒரு உறைக்குள் ஒரு நகைதான். ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றக் கூடாது, ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளியின் மேட்டுப்பகுதி பட்ட இடமெல்லாம் கருக்கும். இதையெல்லாம்விட நான் அழுத்திச் சொன்னது காரைப் பற்றி. கரூர், ஈரோடு வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். மண்டபத்துக்கு வெளியே நிறுத்திய காரில் நகைப் பையை விட்டுப் போவது எத்தனை பேர் வழக்கம்! அரக்கு நெகிழ அந்தச் சூடு போதும், கொதித்த தண்ணீர் தேவையில்லை.

ஐப்பசியில் மறுபடி

தீபாவளிக்கு முன்பு ஆரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், கொண்டுவந்தார்கள். இடையில் இரண்டு தடவை போட்டிருக்கிறார். பின்கழுத்தில் கயிறு சேரும் இடத்தில், சேலைக்கரை உரசி ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு வெளிறியிருந்தது. அங்கே மட்டும் தூரிகையால் ஒரு தடவை தொட்டு, முழுக்க மெழுகு புதுப்பித்தேன். சென்ட் பட்டுத் திரும்பப் பதித்த இரண்டு கல்லும் தெளிவாக இருந்தன. தட்டிக் கேட்டதில் ஒன்றும் ஒலிக்கவில்லை.

மங்கியிருந்தது ஒரே ஒரு கல். எண் 14. மூன்று நாள் காய வைத்ததில் தெளிந்தது என்று நான் திறக்காமல் விட்ட அதே கல். ஐப்பசி மழை ஈரத்தில் அதற்கடியில் மறுபடி மூட்டம் கட்டியிருந்தது. நீர் அன்றைக்குக் காய்ந்து போனதே தவிர, அது உள்ளே போன வழி அடைபடவில்லை. இழையின் ஓரத்தில் கண்ணாடி வைத்துத் தேடியபோது தலைமுடி அளவில் ஒரு இடைவெளி தெரிந்தது. சித்திரையில் நான் மேலே இருந்து தகட்டை மட்டும் பார்த்தேன், ஓரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. அது என் பிழை என்று அம்மிணியிடம் சொல்லி, கூலி வாங்காமல் அந்த ஒரு கல்லுக்காக ஆரத்தைக் கோவைக்கு எடுத்துப் போனேன். திறந்தபோது தகட்டில் ஒரு ஓரம் கருக்க ஆரம்பித்திருந்தது. புதுத் தகடு வைத்து, இழையைச் சுற்றிலும் இறுக்கி வாங்கி வந்தேன். இப்போது காய வைத்துத் தெளிந்த கல்லைக்கூட, ஓரம் முழுக்கக் கண்ணாடியில் ஒரு சுற்று பார்த்த பிறகுதான் கையிலிருந்து விடுகிறேன்.